பெற்ற தாயின் பக்கத்திலிருந்து ஒரு கண்டிப் பாட்டு: மூன்று கண்ணி எழுதி முடித்த கதை

இலங்கை மலையகத்தில் வாய்மொழியாக வழங்கும் பாட்டு ஒன்று உண்டு. எங்கள் சிவகங்கைப் பக்கத்திலும் வயதானவர்கள் சிலருக்கு அது தெரியும். நான் கேட்ட வடிவம் இது:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாய நான்மறந்தேன்

தோட்ட வேலைக்குப் போனவனின் குரல் இது. ஊரையும் தோப்பையும் இழந்தேன் என்கிறான். தாயை மட்டும் மறந்தேன் என்கிறான். இழப்பு தானாக வந்தது, மறதி தான் செய்தது என்று அவனே பிரித்துச் சொல்லிவிடுகிறான். அந்தத் தாய் என்ன பாடியிருப்பாள் என்பதுதான் என் வேலை. நான்கு மாதங்கள் ஆயின. சென்ற வாரம் என் அப்பத்தா அதைப் பாடி முடித்தார். எங்கெங்கே தவறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இந்த வேலை எனக்கு வெறும் பயிற்சி இல்லை. என் தாத்தாவின் அண்ணன் கண்டிச் சீமைக்குப் போனவர். தோட்டத்துக்குக் கூலியாட்கள் போவதை 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தடை செய்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் போயிருக்கிறார். இரண்டு முறை மணியார்டர் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. அவருடைய தாய் என் அப்பத்தாவுக்கு மாமியார். அந்தக் கிழவியோடு ஒரே அடுப்பில் பல ஆண்டு சமைத்தவர் என் அப்பத்தா. ஆகவே கற்பனை வறண்டபோதெல்லாம் கேட்பதற்கு எனக்கு ஓர் ஆள் இருந்தார்.

முதலில் அளவெடுத்தேன். நாற்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு அடியையும் எழுதி, எழுத்து எழுத்தாக மாத்திரை எண்ணினேன். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘பனை’ என்பதன் ஈற்று ஐகாரம் குறுகுவதால் அதற்கு ஒன்று. முதல் அடி 12, இரண்டாம் அடி 13, மூன்றாம் அடி பத்தரை, நான்காம் அடி 13. மூன்றாவது அடி ஏன் இவ்வளவு குட்டை என்று முதலில் புரியவில்லை. அப்பத்தா பாடியதைக் கைப்பேசியில் பதிந்து, மேசையில் தட்டிக்கொண்டே கேட்டபோது விளங்கியது. ‘கண்டியிலே’ என்பதன் ‘லே’யை அவர் இழுக்கிறார். குறைந்த மாத்திரை அத்தனையும் அந்த ஒரு நெடிலில் நிரம்பிவிடுகிறது. கண்டி எவ்வளவு தூரம் என்பதை அந்த இழுப்புதான் சொல்கிறது.

தொடையையும் குறித்துக்கொண்டேன். ‘ஊரான’ – ‘பேரான’, ‘ஒத்த’ – ‘பெத்த’ எதுகை. ‘ஊ’வுக்கு ‘ஒ’வும் ‘பே’வுக்கு ‘பெ’வும் மோனை. எழுத்தறியாதவர்கள் கட்டிய பாட்டு என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு எதுகை, இரண்டு மோனை, மூன்று அடியில் இயைபு, எல்லாம் நான்கே அடிக்குள் பிசகில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. இதே அச்சில் வார்த்தால்தான் தாயின் பாட்டு மகனின் பாட்டோடு சேர்ந்து நிற்கும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு மாத்திரையும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் பதினொன்றுக்குக் குறையக் கூடாது. மூன்றாம் அடி நெடிலில் முடிய வேண்டும்.

அச்சு கிடைத்ததும் ஒரே இரவில் ஒன்பது கண்ணி எழுதினேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது இது:

கடலேறிப் போன மகன்
கண்டியிலே மறந்தானே
உடலேறி வந்த நோயிலே
ஒத்தையிலே கிடந்தேனே

எதுகையும் மோனையும் சரியாக இருக்கின்றன, இழுக்க நெடிலும் இருக்கிறது. இரண்டு நாள் இதைப் பாடிக்கொண்டே திரிந்தேன். ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் பாடிக் காட்டினேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: “அவன் மறந்துவிட்டான் என்று அவளுக்கு யார் வந்து சொன்னார்கள்?”

என்னிடம் பதில் இல்லை. மகன் ‘மறந்தேன்’ என்று பாடியது எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு கரைப் பாட்டையும் கேட்கும் இடத்தில் நான் இருக்கிறேன். அவளோ ஊரில் இருக்கிறாள். அவளுக்கு அவன் இருக்கிறானா என்பதே தெரியாது. மறந்தானா, செத்தானா, வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டானா, கடனில் மாட்டி வர முடியாமல் கிடக்கிறானா? இவற்றில் எது என்று தெரியாமல் இருப்பதுதான் அவளுடைய நிலை. நான் அவளுக்கு விடையைக் கொடுத்துவிட்டு அழச் சொல்லியிருந்தேன். பதில் பாட்டு எழுதும் யாரும் முதலில் விழும் குழி இதுவாகத்தான் இருக்கும்: மூலப் பாட்டைக் கேட்டவர் போல அவளைப் பேச வைப்பது. ஒன்பது கண்ணியில் ஏழில் இந்தப் பிழை இருந்தது. ஏழையும் அடித்தேன்.

அதன் பிறகு நோட்டின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் அவளுக்குத் தெரிந்தவை, வலப்பக்கம் தெரியாதவை. தேயிலைச் செடி, கொழுந்துக் கூடை, லயம், பனி, அட்டை, துரை எல்லாம் வலப்பக்கம் போயின. கண்டி என்பது அவளுக்கு ஒரு சொல் மட்டுமே. 1914 முதல் ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். கப்பல் ஏறும் முன் மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய் பார்த்தார்கள். இதெல்லாம் நான் படித்தது. அவள் பார்த்தது மகன் தெருமுனை திரும்பியதை மட்டும். கப்பலையும் வலப்பக்கம் தள்ளினேன். மனம் கேட்கவில்லை, கப்பலை வைத்து நல்ல அடி ஒன்று கைவசம் இருந்தது. ஆனாலும் தள்ளினேன்.

இடப்பக்கம் தேறியவை கொஞ்சம்தான். கங்காணி கொடுத்த முன்பணம், பனந்தோப்பு, அவன் விட்டுப்போன துணி, அக்கம்பக்கத்துப் பேச்சு. மூன்று கண்ணிக்கு இவை போதும் என்று தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது.

முதல் கண்ணி கங்காணிக்கு. தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வரும் கங்காணி முன்பணம் கொடுப்பார். அது கூலியாளின் பெயரில் கடனாக ஏறும். பல வீடுகளில் அந்தப் பணம் உள்ளூர்க் கடனை அடைக்கவே போய்விடும். ஆக, மகன் போனதற்கு ஈடாக வீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

கங்காணி தந்த பணம்
கடன்காரன் கைக்குப் போச்சு
எங்கானும் இருப்பான்னு
ஏரிக்கரை பேசலாச்சு

அப்பத்தா கேட்டவுடன் சொன்னார்: “நம் ஊரில் ஏது அப்பு ஏரி? கண்மாய்தானே.” உண்மை. எதுகைக்கு ‘எங்கானும்’ வேண்டும், அதற்கு மோனையாக ஏகாரம் வேண்டும் என்ற அவசரத்தில், வடக்கே வழங்கும் சொல்லை எங்கள் ஊர்க் கிழவியின் வாயில் திணித்திருந்தேன். ‘கண்மாய்’ என்று போட்டால் மோனை உடைகிறது. நான்கு நாள் முட்டினேன். கடைசியில் கண்மாய்க்கரையையே விட்டுவிட்டு ‘எதிர்வீடு’ என்று மாற்றினேன். கரையில் பேசுவது ஊர். எதிர்வீடு பேசினால் அது நேராக அவள் காதில் விழும். மாற்றிய சொல் முந்தியதைவிட நன்றாக அமைந்தது.

இன்னொரு குறை பாடும்போதுதான் தெரிந்தது. ‘இருப்பான்னு’ என்பது குறிலில் முடிகிறது. அப்பத்தா அந்த இடத்துக்கு வந்து, இழுக்க நெடில் இல்லாமல் மூச்சை வைத்துக்கொண்டு திணறினார். நோட்டில் நானே எழுதிவைத்த விதியை நானே மறந்திருக்கிறேன். ‘இருப்பானே’ என்று மாற்றினேன். அந்த ஏகாரத்தில் ஒரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. இருக்கிறான் என்று சொல்வதாகவும் கேட்கிறது, இருந்தால் வந்திருப்பானே என்பதாகவும் கேட்கிறது.

இரண்டாம் கண்ணிக்குத்தான் அதிகக் காலம் பிடித்தது. எத்தனை ஆண்டு ஆயிற்று என்று சொல்லியாக வேண்டும். ‘ஏழு வருசம்’ என்று எண்ணாகவே போட்டுப் பார்த்தேன். அது பாட்டில் சேராமல் கணக்குப்போல் தனியே நின்றது. பனையிடம் போனேன். ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையைப் புதைத்தால் தையில் கிழங்கு. கிழங்காகத் தோண்டாமல் விட்டால் மெல்ல வடலி ஆகும். பனை தொடக்க ஆண்டுகளில் மிக மெதுவாக வளரும் மரம். நுங்கு பார்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்குமேல் ஆகும். அவன் போன ஆண்டு நட்ட கொட்டை இப்போது ஓலை விரித்து நிற்கிறது என்றால் எந்த ஊர்க்காரருக்கும் காலம் விளங்கிவிடும்.

நட்டுவச்ச பனங்கொட்டை
நாலுமுழ வடலியாச்சு

அடுத்த இரண்டு அடி அப்பத்தா கொடுத்தது. மாமியார் அந்த மகனின் வேட்டியைக் கிழித்துத் திரி போடுவார், ஆனால் மாதக் கார்த்திகைக்கு மட்டும்தான், மற்ற நாளுக்குப் பஞ்சுத் திரிதான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினேன்:

விட்டுப்போன வேட்டியிலே
விளக்குத்திரி நூறாச்சு

எழுதிய பிறகு ‘நூறு’ உறுத்தியது. மோனைக்காகப் போட்ட எண் அல்ல என்றாலும் வாய்க்கு வந்த எண்தான். ஒரு வேட்டியில் எத்தனை திரி தேறும்? இருநூற்று இருபது ரூபாய்க்கு நாலு முழக் கதர் வேட்டி ஒன்று வாங்கி, அப்பத்தா சொன்னபடி கிழித்தேன். திரி ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். கிழித்ததைத் தொடையில் வைத்து உருட்டி முறுக்க வேண்டும். நீளவாக்கில் எட்டுச் சாண். அகலத்தில், இரண்டு கரையும் போக, 33 கீற்று. ஆக 264 திரி. முதல் இருபதைக் கிழிப்பதற்குள் ஒன்று தெரிந்தது: இழை பிடித்துக் கிழித்தால்தான் நேராக வரும், கத்தரிக்கோல் போட்டால் பிசிறு எண்ணெயில் மிதக்கிறது.

இப்போது கணக்கு. கார்த்திகை நட்சத்திரம் ஆண்டுக்குப் பதின்மூன்று முறையாவது வரும், சில ஆண்டில் பதினான்கு. நூறு திரி என்றால் ஏழரை ஆண்டு. வடலி நாலு முழம் நிற்பதற்கும் அது பொருந்தி வருகிறது. நூறு போனாலும் வேட்டியில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. அவள் தீர்த்துவிடவில்லை, இன்னும் பன்னிரண்டு ஆண்டு கிழிக்கத் துணி வைத்திருக்கிறாள். இருநூறு என்று எழுதியிருந்தால் வடலி தோப்பாகியிருக்கும். நூறையே நிறுத்தினேன். பாட்டில் இந்தக் கணக்கு எதுவும் வெளியே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் எண் சரி என்று தெரிந்த பிறகு அந்த அடியை நான் சொல்லும் விதமே மாறிவிட்டது.

மூன்றாம் கண்ணியை மூலத்தின் எதுகையிலேயே, ஊர் – பேர் என்றே, அமைக்க விரும்பினேன். கடைசிச் சொல்லும் அதே ‘மறந்தேன்’ ஆக வேண்டும். ஆனால் அவள் எதை மறப்பாள்? தாய் மகனை மறந்தாள் என்றால் பொய். மறக்கவே இல்லை என்றால் அது எல்லாத் தாய்ப் பாட்டிலும் இருப்பது. இங்கே என் சொந்த அனுபவம்தான் உதவியது. என் அப்பா இறந்து பதினோரு ஆண்டு. முகம் இருக்கிறது, நடை இருக்கிறது. குரல் போய்விட்டது. ஒரு நாள் அதைத் தேடிப் பார்த்துக் கிடைக்காதபோதுதான் போனதே தெரிந்தது.

ஊருக்கு நுங்கு தந்தேன்
ஒத்தக்குலை ஒதுக்கிவச்சேன்
பேருமட்டும் நாக்கில் நிக்க
பிள்ளைகுரல் நான்மறந்தேன்

மகன் மறந்ததை அவள் அறியமாட்டாள். அவள் மறந்ததை அவனும் அறியமாட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே சொல்லில் வந்து முடிகிறார்கள். தோப்பை இழந்தேன் என்கிறான் அவன். அந்தத் தோப்பில்தான் இவள் குலை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள்.

நான்காவதாக ஒரு கண்ணியும் எழுதினேன். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து திரும்பியவர்கள் எங்கள் பக்கத்துக்கும் வந்தார்கள். மாமியார் அவர்களிடமெல்லாம் போய் மகன் பெயரைச் சொல்லிக் கேட்டதாக அப்பத்தா சொன்னார். யாருக்கும் தெரியவில்லை. கண்ணி மோசமில்லை, ஆனால் அதைச் சேர்த்தால் வடலியும் திரியும் காட்டும் ஏழெட்டு ஆண்டு முப்பது ஆண்டாக நீண்டு முதல் இரண்டு கண்ணியும் பொய்யாகிவிடும். அது வேறொரு பாட்டு. தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒலிப்பதிவில் பணம் வீணானது. 650 ரூபாய்க்குச் சட்டையில் மாட்டும் சிறிய மைக் வாங்கி, தோப்பிலேயே பாட வைத்துப் பதிந்தேன். பனையோலை காற்றில் உரசும் சத்தம் மழைபோல் விழுந்து பாட்டை மூடிவிட்டது. மாலையில் வீட்டு உள்ளறையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே, கைப்பேசியைத் தலையணை மீது வைத்து, மைக் இல்லாமலே பதிந்தேன். மூட்டைகள் எதிரொலியை வாங்கிக்கொண்டன. கைப்பேசி வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு முழம் தள்ளி, சற்றுக் கீழே இருந்தால் ‘ப’ வரும் இடங்களில் காற்று அடிக்காது. மூன்றாவது தடவையில் பாட்டு சுத்தமாக விழுந்தது. நோட்டு, வேட்டி, மைக், மூன்று முறை போய்வந்த பஸ் செலவு 540, எல்லாம் சேர்ந்து 1,450 ரூபாய். அடுத்த முறை மைக் வாங்கமாட்டேன். முதல் நாளே இடம் வலம் கோடு போட்டு, தெரிந்தது தெரியாததைப் பிரித்த பிறகுதான் முதல் அடியை எழுதுவேன்.

ஒரு குறை அப்படியே நிற்கிறது. மூன்றாம் கண்ணியின் ‘நிக்க’ குறிலில் முடிகிறது. ‘நாக்கிலே’ என்று மாற்றிப் பார்த்தேன். வினை இல்லாமல் அடி தொங்குகிறது. அப்பத்தா அந்த இடத்தில் இழுக்காமல் நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு ‘பிள்ளைகுரல்’ என்று எடுக்கிறார். நெடில் இருந்திருந்தால் அந்த நிறுத்தம் வந்திருக்காது. இதை மாற்றுவதா விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மகன் பாட்டை முதலில் பாடி, அதன்பின் தாய் பாட்டைத் தொடர வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை. ‘கங்காணி தந்த பணம்’ என்று தொடங்கி என் மூன்று கண்ணியையும் முடித்து, நிறுத்தாமல் ‘ஊரான ஊரிழந்தேன்’ என்று போய்விட்டார். பதிவிலும் அந்த வரிசையையே வைத்துவிட்டேன்.